0.40 என்றால் 40 சதவீதமா?

காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் பெண்களின் கடன் நிலைமை பற்றிச் சிறிய தொண்டு அமைப்பு ஒன்று அறிக்கை தயாரித்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் புள்ளிவிவரப் பகுதியை மட்டும் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். ஆய்வு ஒழுங்காக நடந்திருந்தது, கணினியில் போட்ட கணக்கிலும் பிழையில்லை. அட்டவணையில் இருந்த எண்களை வாக்கியமாக எழுதிய இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள். இப்படி மூன்று வாக்கியங்கள் இருந்தன:

"ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்களின் வருமானம் 40 சதவீதம் அதிகம்."

"வட்டி 1 சதவீதம் உயர்ந்தால் வருமானம் 6 சதவீதம் குறைகிறது."

"சுயஉதவிக் குழுவில் உள்ளவர்கள் தவணையைத் தவறாமல் கட்டுவது 12 சதவீதம் அதிகம்."

மூன்றுமே தப்பு, அதுவும் மூன்று விதமான தப்பு. இதே மாதிரி வாக்கியங்களை மற்ற அறிக்கைகளிலும் அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்த அமைப்பின் எண்களை அப்படியே போடாமல், கணக்குப் பார்க்க வசதியாக மாற்றியிருக்கிறேன். முதல் அட்டவணையின் சமன்பாடு இதுதான்:

```
ln(income) = 9.55 + 0.40*icebox - 0.06*rate + 0.02*years
```

`income` என்பது மாத வருமானம், ரூபாயில். `icebox` என்பது ஐஸ் பெட்டி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. `rate` மாத வட்டி. `years` தொழிலில் இருக்கும் ஆண்டுகள். இடது பக்கம் வருமானம் நேராக நிற்காமல் அதன் லாக், அதாவது மடக்கை, நிற்கிறது. வலது பக்கத்தில் எல்லாம் லாக் எடுக்காத எண்கள். இதைத்தான் லாக்-லெவல் ரெக்ரஷன் என்கிறோம். கூடைக்காரர்கள் நூறு பேருக்கு நடுவே மொத்த வியாபாரம் செய்யும் இரண்டு பேர் இருந்தால், நேர் வருமானத்தில் போட்ட கணக்கை அந்த இரண்டு பேரே தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள். லாக் எடுத்தால் அந்த இழுப்பு அடங்கும்.

அதற்கு ஒரு விலை உண்டு. குணகம், அதாவது மாறியின் முன்னால் பெருக்கி நிற்கும் எண், கூட்டப்படுவது லாக்கின் மேல், வருமானத்தின் மேல் இல்லை. லாக்கில் 0.40 கூடினால் வருமானம் e^0.40 மடங்காகப் பெருகும். ஒருவரை எடுத்துப் பார்க்கலாம். பத்து ஆண்டு அனுபவம், மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி, ஐஸ் பெட்டி கிடையாது. கூட்டினால் லாக் 9.57. திருப்பிப் போட்டால் வருமானம் சுமார் 14,328 ரூபாய். இதே ஆளிடம் ஐஸ் பெட்டி இருந்தால் லாக் 9.97, வருமானம் சுமார் 21,375 ரூபாய். வித்தியாசம் 49.2 சதவீதம். அறிக்கை சொன்ன 40 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 20,059 ரூபாய்தான் வரும். மாதத்துக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

எக்செல் வைத்திருப்பவர்கள் ஒரு செல்லில் இதைத் தட்டினால் போதும்:

```
=EXP(0.40)-1
```

குணகத்தை நூறால் பெருக்கி சதவீதம் என்று சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், சிறிய எண்களுக்கு அது கிட்டத்தட்ட சரியாக வருவதால்தான். 0.02 என்றால் 2.02 சதவீதம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 0.05 என்றால் 5.1. 0.10 என்றால் 10.5. அதற்கு மேல் இடைவெளி வேகமாக விரியும்: 0.20 என்றால் 22.1, 0.70 என்றால் 101 சதவீதம், அதாவது இரட்டிப்பு. 0.10ஐத் தாண்டினால் நான் குறுக்கு வழியை நம்புவதில்லை. ஆம்/இல்லை வகை மாறிகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஐஸ் பெட்டி பாதியாக இருக்க முடியாது. 0விலிருந்து 1க்கு ஒரே தாவல்தான். ஹால்வர்சன், பாம்க்விஸ்ட் என்ற இருவர் 1980லேயே இதைச் சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். இன்றும் தப்பு நடக்கிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஐஸ் பெட்டி உள்ளவரின் வருமானத்தை அடிப்படையாக வைத்தால், இல்லாதவர் எவ்வளவு குறைவாகச் சம்பாதிக்கிறார்? e^-0.40 என்பது 0.67, எனவே 33 சதவீதம் குறைவு. ஒரே அட்டவணை, ஒரே குணகம். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் 49 சதவீதம் அதிகம், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் 33 சதவீதம் குறைவு. 40 இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நிற்கிறது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதாமல் சதவீதம் மட்டும் எழுதினால் படிப்பவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்வார். (ஐஸ் பெட்டி வாங்கியதால் வருமானம் கூடியதா, வருமானம் இருந்ததால் பெட்டி வாங்கினார்களா என்பது தனி வழக்கு. இந்தச் சமன்பாடு அதைத் தீர்த்து வைக்காது.)

இனி இரண்டாவது வாக்கியம். இங்கே -0.06 சின்ன எண். குறுக்கு வழியே போதும், 6க்குப் பதில் 5.8 சதவீதம் என்று வரும், அவ்வளவுதான். கோளாறு வாக்கியத்தின் முன்பாதியில் இருக்கிறது. "வட்டி 1 சதவீதம் உயர்ந்தால்" என்றால் என்ன? மூன்று வட்டிக்கு வாங்கியவர் நான்கு வட்டி கட்டுவதா, அல்லது மூன்றில் நூற்றில் ஒரு பங்கு கூடி 3.03 ஆவதா?

`rate` என்ற மாறியில் 3, 4, 5 என்று பதிவு செய்திருந்தார்கள். ஆகவே இங்கே ஒரு அலகு என்பது 3லிருந்து 4. அதன் பெயர் ஒரு சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 3லிருந்து 4 என்பது 33 சதவீத உயர்வு. நாம் எடுத்த ஆளுக்கு வட்டி மூன்றிலிருந்து நான்கானால் வருமானம் 14,328லிருந்து 13,494க்கு இறங்குகிறது, 834 ரூபாய் நட்டம். வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு 3.03க்குக் கணக்குப் போட்டால் சுமார் 26 ரூபாய்தான் குறையும். 834 எங்கே, 26 எங்கே.

வரைவை வாசித்துக் காட்டிய கூட்டத்தில் தண்டல்காரரிடம் கடன் வாங்கிப் பழகிய ஒரு அம்மா கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "மூணு வட்டி நாலு வட்டி ஆனா கைக்கு எவ்ளோ கொறையும், அத்த சொல்லு தம்பி." அறிக்கை எழுதிய தம்பி அட்டவணையையே புரட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கேட்ட அலகுதான் சமன்பாட்டின் அலகும்.

பத்திரிகைகளிலும் இந்தக் குழப்பம் சகஜம். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.50லிருந்து 6.25 ஆக்கியது. இதை 0.25 சதவீதக் குறைப்பு என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 3.8 சதவீதக் குறைப்பு. வங்கி வட்டி விஷயத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டதால் பெரிய சேதமில்லை. ஆய்வறிக்கையில் அந்தப் பழக்கம் துணைக்கு வராது.

அப்புறம் எக்செல் செய்யும் ஒரு வேலை. செல்லில் 3% என்று தட்டினால் திரையில் 3% என்றே தெரியும், உள்ளே 0.03 என்று சேமித்திருக்கும். அந்தக் கோப்பை அப்படியே ரெக்ரஷனுக்குக் கொடுத்தால் -0.06க்குப் பதில் -6.0 வரும். அங்கே ஒரு அலகு என்பது நூறு சதவீதப் புள்ளி. அது தெரியாமல் e^-6 போட்டு, "வருமானம் 99.8 சதவீதம் குறைகிறது" என்று எழுதியவர்களும் உண்டு. குணகம் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் முதலில் அந்த மாறியின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களைப் பாருங்கள். 0.02க்கும் 0.10க்கும் நடுவே இருக்கிறதா, 2க்கும் 10க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

மூன்றாவது வாக்கியம் வேறு அட்டவணையிலிருந்து வந்தது. அங்கே இடது பக்கத்தில் லாக் கிடையாது. தவணையைத் தவறாமல் கட்டினால் 1, இல்லாவிட்டால் 0, அதன் மேல் சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன். சுயஉதவிக் குழுவின் குணகம் 0.12. முதல் அட்டவணையில் 0.40ஐப் பார்த்த கண் இங்கே 0.12ஐயும் அதே மாதிரிப் படித்துவிட்டது. ஆனால் இங்கே 0.12 என்பது 12 சதவீதப் புள்ளி. குழுவில் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது குழுவில் உள்ளவர்களில் 52 பேர் கட்டுகிறார்கள். 40க்கு 12 என்பது 30 சதவீதம். "12 சதவீதம் அதிகம்" என்று படித்துவிட்டு 40ஐ 1.12ஆல் பெருக்குபவருக்கு 45 பேர்தான் கிடைப்பார்கள். குழுவின் பலனில் பாதிக்கு மேல் அறிக்கையின் சொந்த வாக்கியமே தின்றுவிட்டது. இந்த இடத்தில் எக்ஸ்பொனென்ஷியல், அதாவது மேலே போட்ட EXP, எடுக்கவே கூடாது, அதையும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, அட்டவணையில் குணகத்துக்குப் போகும் முன் இடது பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். லாக் என்றால் முடிவு சதவீதத்தில் வரும். 0/1 அல்லது விகிதம் என்றால் புள்ளியில் வரும். பிறகு வலது பக்கத்தில் "ஒன்று" என்பது எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் சிலர் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார்கள், வருமானம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. அதனால் அமைப்பினர் தடைக்கால அட்டவணையில் எல்லோருக்கும் ஒரு ரூபாய் கூட்டி ln(1+income) போட்டிருந்தார்கள். பரவலான வழக்கம்தான், ஆனால் அதில் வரும் குணகத்தைச் சதவீதம் என்று படிக்க முடியாது. பூஜ்யத்திலிருந்து 14,000 ரூபாய்க்குப் போகும் ஒருவரின் மாற்றம் ரூபாயில் அளந்தால் ln(14001), அதாவது 9.55. அதே பணத்தை ஆயிரங்களில் அளந்தால் ln(15), அதாவது 2.71. அளவை மாற்றினால் பலனும் மாறுகிறது. உண்மையான சதவீதம் அப்படி மாறாது. சந்தேகம் இருந்தால் வருமானத்தை ஆயிரத்தால் வகுத்து ரெக்ரஷனைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். சாதாரண லாக்காக இருந்தால் 9.55 என்ற மாறிலி மட்டும் மாறும், 0.40 அசையாது. 0.40உம் அசைந்தால் ஒன்றைக் கூட்டிய வேலை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த அட்டவணையை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னேன். தடைக்காலத்தில் வியாபாரம் செய்தார்களா இல்லையா என்பது ஒன்று, அதைச் சதவீதப் புள்ளியில் சொல்லலாம். செய்தவர்களுக்குள் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது மற்றொன்று, அதை லாக்கில் போட்டுச் சதவீதத்தில் சொல்லலாம்.