அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டு பட்ஜெட்: மெயின்டனன்ஸ் தொகையை எப்படிக் கணக்கிடுவது?

மார்ச் மாதம் வந்தால் அடுக்குமாடிச் சங்கங்களில் ஒரே கேள்விதான் எழும்: இந்த வருஷம் சதுர அடிக்கு எவ்வளவு வைப்பது? பெரும்பாலான இடங்களில் பக்கத்துக் குடியிருப்பில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு தொகையை முடிவு செய்துவிடுகிறார்கள். செலவை அந்தத் தொகைக்குள் அடக்கப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலில் செலவை எழுத வேண்டும். சதுர அடிக் கட்டணம் அந்தக் கணக்கின் கடைசி வரியில் தானாக வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் செலவை உரிமையாளர்கள் அவரவர் பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பதே இத்தகைய சட்டங்களின் அடிப்படை. யுடிஎஸ் என்று பத்திரத்தில் இருக்குமே, அதுதான் இந்தப் பங்கு. பங்கு பெரும்பாலும் வீட்டின் பரப்பளவை ஒட்டியே அமைவதால் நடைமுறையில் சதுர அடிக் கணக்கு வந்துவிட்டது. தரைத்தளத்தில் இருக்கிறேன், லிஃப்டில் ஏறுவதே இல்லை என்பதாலோ, வீடு பூட்டியே கிடக்கிறது என்பதாலோ ஒருவருடைய பங்கு குறைந்துவிடாது.

சரி, கணக்குக்காக ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் ஸ்டில்ட், அதன்மேல் நான்கு மாடி, 24 வீடுகள். பன்னிரண்டு வீடுகள் 900 சதுர அடி, பன்னிரண்டு 1,100. மொத்தம் 24,000 சதுர அடி. ஒரு லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர், ஒரு போர், ஒரு சம்ப். தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் இடத்து பில்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலையான செலவில் பெரியது காவல். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஏஜென்சி பில் மாதம் 34,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,08,000. இதில் சம்பளம் மட்டும் இல்லை. பிஎஃப், இஎஸ்ஐ, ஏஜென்சியின் பங்கு, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தே இருக்கும். குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரலில் மாறுவதால் போன வருஷ பில்லை அப்படியே போட்டுவிடக் கூடாது. புதிய தொகையை ஏஜென்சியிடம் மார்ச்சிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துப்புரவுப் பணியாளர் சம்பளம் 1,32,000. இருவகைப் பணியாளர்களுக்கும் தீபாவளி போனஸ் 24,000. ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும் செலவு இது. இதைப் பட்ஜெட்டில் எழுதாமல் விட்டுவிட்டு அக்டோபரில் வாட்ஸ்அப் குழுவில் வசூல் கேட்பது வேலை செய்பவர்களுக்கும் மரியாதைக் குறைவு.

பொது மின்சாரத்துக்கு இரு மாத பில் 25,500 என்றால் ஆண்டுக்கு 1,53,000. இங்கே ஒரு சலுகையைக் கவனிக்க வேண்டும். பத்து வீடுகளுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிஃப்ட் இல்லாத கட்டடங்களின் பொது இணைப்புக்குக் குறைந்த கட்டணம் 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எட்டு ரூபாய்க்கு மேல் இருந்த யூனிட் விலை அப்போது ஐந்தரை ரூபாயாகக் குறைந்தது. உங்கள் கட்டடம் இந்த வரையறைக்குள் வந்தும் பில்லில் பழைய வகையே ஓடிக்கொண்டிருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நம் உதாரணக் கட்டடத்தில் லிஃப்ட் இருப்பதால் அதற்கு இது கிடையாது.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 60,000. ஜெனரேட்டருக்கு டீசலும் சர்வீஸும் 36,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன், துடைப்பம், பினாயில் போன்ற சில்லறைச் செலவு 72,000. தொட்டி கழுவுதல், காப்பீடு, ஆடிட்டர், பதிவுத்துறைக் கட்டணம் எல்லாம் 55,000. அடுத்தது தண்ணீர் லாரி. மார்ச் முதல் ஜூன் வரை மாதம் பத்து லோடு, லோடு 2,000 என்று 80,000. போர் வற்றுவதைத் திடீர்ச் செலவாக நினைக்காதீர்கள். மூன்று வருஷத்து லாரி ரசீதுகளை எடுத்துப் பார்த்தால் எந்த மாதத்தில் எத்தனை லோடு என்று அதுவே சொல்லிவிடும். இவை எல்லாம் சேர்ந்து ஓடும் செலவு 10,20,000 ரூபாய்.

பல சங்கங்கள் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகின்றன. 10,20,000 ரூபாயை 24,000 சதுர அடிக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் சொச்சம் வரும். மூன்றரை என்று வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டலாம், ஒரு குறையும் தெரியாது. ஆறாவது வருஷம் வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க 7,20,000 ஆகும் என்று கொட்டேஷன் வரும்போதுதான் விஷயம் தெரியும். சதுர அடிக்கு 30 ரூபாய் வசூல், அதாவது ஒவ்வொரு வீடும் 27,000 அல்லது 33,000 ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஐந்து வருஷம் அந்தச் சுவருக்குள் வாழ்ந்துவிட்டுப் போன மாதம் வீட்டை விற்றவர் ஒரு ரூபாயும் தருவதில்லை. புதிதாக வாங்கியவர் முழுப் பங்கையும் சுமக்கிறார்.

இதைத் தவிர்க்கத்தான் ரிசர்வ். மாற்ற வேண்டிய பெரிய பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலை என்ன, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். விலையை வருஷத்தால் வகுத்தால் அந்தப் பொருளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகை கிடைக்கும். பெயின்ட் 7,20,000, ஆறு வருஷம், ஆக 1,20,000. லிஃப்டை மாற்ற 12 லட்சம், பத்து வருஷம், அதுவும் 1,20,000. மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு 3 லட்சம், ஐந்து வருஷம், 60,000. ஜெனரேட்டர் 6 லட்சம், பதினைந்து வருஷம், 40,000. மோட்டார்கள் ஒரு லட்சம், ஐந்து வருஷம், 20,000. கூட்டினால் 3,60,000. ஏற்கெனவே ரிசர்வ் கையில் இருந்தால் அதைக் கழித்துவிட்டு மீதியை வகுக்கலாம்.

விலைவாசி ஏறுமே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ரிசர்வை வங்கி டெபாசிட்டில் வைத்து வட்டியையும் அதிலேயே சேர்க்கச் சொல்வது. வட்டி விலையேற்றத்தை ஓரளவு ஈடுகட்டும். அந்த வட்டியை மாதச் செலவுக்கு எடுத்துக்கொண்டு கட்டணத்தை உயர்த்தாமல் வைத்தோம் என்று சொல்லும் சங்கம் பிற்காலத்துக்கான பணத்தைத்தான் செலவழிக்கிறது. வட்டிக்கு வருமான வரியும் உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பணத்துக்குக் கிடைக்கும் விலக்கு வங்கி வட்டிக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஒரு கிளப் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் வரி போகக் கிடைக்கும் வட்டியையே கணக்கில் எழுதுங்கள்.

மூன்றாவது பகுதி, எதிர்பாராத செலவு. பெயின்டும் தண்ணீர் லாரியும் போனஸும் உரிய இடத்துக்குப் போனபிறகு இங்கே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்: நாள் தெரியாது, ஆனால் வரும் என்று தெரிந்தவை. மழையில் மோட்டார் காயில் கருகுவது, கழிவுநீர்க் குழாய் உடைவது, இடியில் லிஃப்டின் கன்ட்ரோல் கார்டு போவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையில் எத்தனையோ கட்டடங்களின் சம்ப்புகளில் வெள்ளம் புகுந்தது, லிஃப்ட் குழிகள் மூழ்கின. முழுமையான லிஃப்ட் ஒப்பந்தம்கூட தண்ணீர் புகுந்ததால் வரும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலை அக்டோபருக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். ரோப், கதவு மோட்டார், கார்டு இவை உங்கள் செலவா, அவர்கள் செலவா என்பது அதில்தான் இருக்கும். ஓடும் செலவில் ஐந்து, ஆறு சதவீதம் ஒதுக்கினால் இத்தகைய கட்டடத்துக்குப் போதும் என்பது என் கருத்து. 60,000 வைப்போம். செலவாகாமல் மிஞ்சினால் ரிசர்வுக்குப் போகட்டும்.

மூன்றையும் கூட்டினால் 14,40,000. சதுர அடிக்குச் சரியாக 5 ரூபாய். சின்ன வீட்டுக்கு மாதம் 4,500, பெரிய வீட்டுக்கு 5,500. மூன்றரையோடு பார்த்தால் ஏற்றம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் சின்ன வீட்டுக்குக் கூடுதலாக வரும் மாதம் 1,350 ரூபாயில் பெயின்ட், லிஃப்ட், மாடி, ஜெனரேட்டர் எல்லாமே அடக்கம். பொதுக்குழுவில் எடுத்த எடுப்பில் ஐந்து ரூபாய் என்று சொல்லாதீர்கள். ஓடும் செலவுக்கு இவ்வளவு, ரிசர்வுக்கு இவ்வளவு, அவசரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே போன வருஷ பட்ஜெட்டையும் உண்மையில் ஆன செலவையும் வையுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிய பயம் பல இடங்களில் இருக்கிறது. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தாலோ, ஒரு வீட்டின் மாதக் கட்டணம் 7,500 ரூபாய்க்குள் இருந்தாலோ வரி இல்லை. இரண்டும் தாண்டினால்தான் வரி. நம் உதாரணத்தில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ரிசர்வ் சேர்க்காத பெரிய குடியிருப்பு ஒரே மாதத்தில் பெயின்டுக்கு 33,000 வசூலித்தால் இரண்டு வரம்பையும் அந்த மாதத்தில் தாண்டக்கூடும். தாண்டும்போது முழுத் தொகைக்கும் வரி என்று 2019 சுற்றறிக்கை சொன்னது. 7,500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும்தான் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த எல்லையில் இருக்கும் சங்கம் வசூல் நோட்டீஸ் அனுப்பும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, பட்ஜெட் கெட்டுப்போயிருக்கிறதா என்று எந்த உறுப்பினரும் பார்த்துக்கொள்ள ஒரு வழி. கடைசியாக பெயின்ட் அடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தால் அதற்கு மட்டும் 3,60,000 ரிசர்வில் இருக்க வேண்டும். மற்ற பொருட்களுக்கும் இதே போல் கூட்டுங்கள். மார்ச் 31 அன்று டெபாசிட்டில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வும் மாத வரவும் ஒரே கணக்கில் கிடந்தால் இருப்பு எப்போதும் நிறைந்ததாகவே தோன்றும், குறைவது கண்ணில் படாது. ஆகவே ரிசர்வுக்குத் தனி வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் அதிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பதையும், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் 30,000 ரூபாய் அதற்கு மாற்றப்பட வேண்டும் என்பதையும் பட்ஜெட் தீர்மானத்திலேயே சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.