சுகர்னு சொல்லிட்டாங்க, காலைல ஃபில்டர் காபி குடிக்கலாமா டாக்டர்?

புதுசா சுகர் இருக்குன்னு தெரிஞ்சு வர்றவங்ககிட்ட நான் மாத்திரை, நடை, சாப்பாடுன்னு இருபது நிமிஷம் பேசி முடிச்சதும், எழுந்து கதவு வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்து கேக்குற கேள்வி இதுதான். சோறு குறைக்கணும்னா சரிங்கறாங்க, ஸ்வீட்டை விடணும்னா சரிங்கறாங்க, ஆனா காபின்னு வந்தா முகமே மாறிடுது.

போன வருஷம் வந்த ஒரு டீச்சரம்மாவைப் பத்தி சொல்றேன். ஐம்பத்தாறு வயசு, ரிட்டயர் ஆகப் போற நேரம், வேற எதுக்கோ ரத்தம் டெஸ்ட் பண்ணும்போது மாட்டிக்கிச்சு. வெறும் வயித்துல 138, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 246, மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டற எச்பிஏ1சி 7.9. வெறும் வயித்துல 126-ம் அதுக்கு மேலயும், எச்பிஏ1சி 6.5-ம் அதுக்கு மேலயும் இருந்தா சர்க்கரை நோய்னு கணக்கு, அதனால இவங்களுக்கு சந்தேகமே இல்ல. மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பிச்சோம். ஆனா எனக்கு இடிச்சது அந்த 246 தான், ஏன்னா அவங்க சொன்ன டிபன் மூணே மூணு இட்லி, தேங்காய் சட்னி, கொஞ்சம் சாம்பார். அதுக்கு இவ்வளவு ஏறணுமான்னு யோசிச்சு, "அம்மா, காலைல எழுந்ததுல இருந்து அந்த ரெண்டாவது ரத்தம் குடுக்கற வரைக்கும் வாயில என்னென்ன போச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னு கேட்டேன்.

ஏழு மணிக்கு லேப்ல முதல் ரத்தம். வீட்டுக்கு வந்ததும் ஒரு காபி, தலைவலிக்குமேன்னு. எட்டு மணிக்கு இட்லி. இட்லி முடிஞ்சதும் "ஒரு வாய்" காபி. பத்து மணிக்கு ரெண்டாவது ரத்தம். இவங்க என்கிட்ட முதல்ல சொன்னது "நான் ஒரு நாளைக்கு ஒரே ஒரு காபிதான் டாக்டர்". பொய் சொல்லலங்க, அந்த ரெண்டாவதை அவங்க காபின்னே நினைக்கல, அது டிபனோட சேர்ந்ததாம்! இதை வாரத்துக்கு நாலு பேர்கிட்டயாவது கேக்குறேன்.

அடுத்து ஸ்பூன். "ரெண்டு ஸ்பூன் சர்க்கரை"ன்னாங்க. வீட்டுல எந்த ஸ்பூன்ல போடுறீங்களோ அதுல வழக்கமா எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுத்து எடை போட்டுட்டு வாங்கன்னு அனுப்பினேன், வீட்டுல கேக் பண்ற பொண்ணு இருக்கறதால தராசு இருந்துச்சு. தலை தட்டின டீஸ்பூன் ஒண்ணுல நாலு கிராம் சர்க்கரைதான் நிக்கும். இவங்க குவிச்சு எடுக்கறது ஏழு கிராம். அப்ப ரெண்டு ஸ்பூன்னா பதினாலு. இதோட டம்ளர்ல நூத்திப்பத்து மில்லி அளவுக்கு பால், பால்லயே இயற்கையா இருக்கற சர்க்கரை நூறு மில்லிக்கு அஞ்சு கிராம்கிட்ட வரும். மொத்தத்துல ஒரு டம்ளர்ல கிட்டத்தட்ட இருபது கிராம், அதாவது ரெண்டு சின்ன இட்லியில இருக்கற மாவுச்சத்து அளவு. ரெண்டு காபியையும் சேர்த்தா, மூணு இட்லின்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கற டிபன் உண்மையில ஏழு இட்லிகிட்ட போயிடுச்சு.

இட்லியை விட இதுல இன்னொரு சிக்கல், இது தண்ணியா போறது. மெல்ல வேண்டியதில்ல, நார்ச்சத்து கிடையாது, பாலோட கொழுப்பும் புரதமும் கொஞ்சம் தடுக்கும் அவ்வளவுதான். அதுவும் விடிகாலைல நம்ம உடம்பே எழுந்திருக்கறதுக்காக சில ஹார்மோன்களை ஏத்தி விடும், கல்லீரல் தன் பங்குக்கு சர்க்கரையை ரத்தத்துல இறக்கும், அந்த நேரத்துல இன்சுலின் வேலை செய்யறதும் மந்தமா இருக்கும். சுகர் இருக்கறவங்களுக்கு காலை நேரம்தான் நாளிலேயே மோசமான நேரம்னு சொல்லலாம், நாம சரியா அந்த நேரம் பார்த்து இனிப்பு காபியை வெறும் வயித்துல ஊத்தறோம்.

சரி, என் வார்த்தையை நம்ப வேண்டாம், உங்க விரலே சொல்லட்டும்னு டீச்சரம்மாகிட்ட ஒரு சின்ன சோதனை பண்ணச் சொன்னேன். க்ளூக்கோமீட்டர் வீட்டுல இருந்தா நீங்களும் பண்ணலாம். முதல் ரெண்டு நாள் வழக்கமான காபி. அடுத்த ரெண்டு நாள் அதே டிகாக்‌ஷன், அதே பால், அதே டம்ளர், அதே நேரம், சர்க்கரை மட்டும் இல்ல. காபிக்கு முன்னாடி ஒரு தடவை, குடிக்க ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல ஒரு தடவை, டிபனுக்கு உட்காரறதுக்கு முன்னாடி ஒரு தடவை. நாலு நாளும் அந்த இடைவெளில பிஸ்கட் கூடாது, வாக்கிங் போகாம இருக்கணும், இல்லேன்னா எதனால ஏறுச்சு எதனால இறங்குச்சுன்னு தெரியாது.

இதுல முதல் நாளே ஒரு கூத்து. காபி கலந்த கையோட குத்திப் பார்த்திருக்காங்க, 271 காட்டுச்சாம், பயந்து போய் காலைல ஆறே முக்காலுக்கு எனக்கு போன். "கையை சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சிட்டு வேற விரல்ல பாருங்கம்மா"ன்னேன், 141. விரல் நுனியில ஒட்டியிருந்த சர்க்கரைத் துகளைத்தான் மெஷின் படிச்சிருக்கு. இது ரொம்ப சகஜம், பழம் உரிச்ச கை, சர்க்கரை டப்பாவைத் தொட்ட கை எல்லாமே இப்படி ஏமாத்தும். அப்புறம் மீட்டர்ல பத்து பதினஞ்சு பாயின்ட் முன்னப்பின்ன வர்றதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, மெஷினோட துல்லியமே அவ்வளவுதான், பெரிய வித்தியாசம் வந்தா மட்டும் கவனிங்க.

அவங்களுக்கு வந்தது இதுதான். சர்க்கரை போட்ட நாள்ல காபிக்கு முன்னாடி 136, ஒரு மணி நேரத்துல 203, டிபனுக்கு உட்காரும்போது 174. சர்க்கரை இல்லாத நாள்ல 139, அப்புறம் 158, டிபன் நேரத்துல 143. மத்த ரெண்டு நாளும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

இதுல 203-ஐப் பார்த்துதான் எல்லாரும் பயப்படுவாங்க, நான் பார்க்கச் சொல்றது அந்த 174-ஐ. இட்லி வாயில போறதுக்கு முன்னாடியே சர்க்கரை பாதி மாடிப்படி ஏறி நிக்குது, இட்லி அங்கிருந்து மேல ஏத்துது. ரிப்போர்ட்ல 246 வந்ததும் பழி யார் மேல விழுந்துச்சு? இட்லி மேல! வீட்டுல எல்லாரும் சேர்ந்து இட்லியை நிறுத்தி ஓட்ஸ் கஞ்சிக்கு மாத்தியிருந்தாங்க, காபியை யாரும் தொடல. காரணம் தெரியாம அந்த நம்பரை மட்டும் பார்த்திருந்தா நானே இன்னொரு மாத்திரை சேர்த்திருப்பேன்.

அப்போ குடிக்கலாமா கூடாதா? காபி குடிக்கலாம். டிகாக்‌ஷனும் அளவான பாலும் பெரும்பாலானவங்களுக்கு பிரச்சினை பண்றதில்ல. சர்க்கரையை விடுறது நல்லது, முடியவே முடியலைன்னா ஒரு நாளைக்கு ஒரே டம்ளர், தலை தட்டின அரை ஸ்பூன், அதுவும் வெறும் வயித்துல வேண்டாம், டிபனோட வச்சுக்கிட்டு அன்னிக்கு ஒரு இட்லியைக் குறைச்சுக்கோங்க. டிபனோட சேர்த்தா சர்க்கரை காணாம போயிடும்னு இல்ல, ரெண்டு தடவை ஏறுறது ஒரு தடவையா குறையும், அவ்வளவுதான் லாபம். எச்பிஏ1சி 9, 10-னு வந்திருக்கறவங்களுக்கு இந்த அரை ஸ்பூன் சலுகையும் முதல் மூணு மாசம் நான் குடுக்கறதில்ல.

இங்க காஃபீன் பத்தியும் சொல்லணும். சிலருக்கு சர்க்கரை இல்லாத காபியே கொஞ்சம் ஏத்தும், காஃபீன் இன்சுலினோட வேலையை சில மணி நேரத்துக்கு மந்தமாக்கும். "காபி குடிக்கிறவங்களுக்கு சுகர் வராதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே"ன்னு கேப்பாங்க. காபி குடிக்கிறவங்ககிட்ட சுகர் வர்றது குறைவா இருக்குன்னு நிறைய ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க, நெஜம்தான், ஆனா அது இன்னும் சுகர் வராதவங்களைப் பத்தினது, நம்ம ரெண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு அது லைசென்ஸ் கிடையாது.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன்... இதைக் கேக்காத ஆளே இல்ல. கருப்பட்டி காபின்னா தைரியமா மூணு டம்ளர் குடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அதுல கொஞ்சம் தாதுச்சத்து இருக்கலாம், ஆனா பெரும்பகுதி அதே சர்க்கரைதான், மீட்டருக்கு கலர் தெரியாது. சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி மாத்திரைகளை ஒண்ணு ரெண்டு போட்டுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. 2023-ல உலக சுகாதார நிறுவனம் வெயிட் குறைக்க இதெல்லாம் வேண்டாம்னு சொன்னப்ப, ஏற்கனவே சுகர் இருக்கறவங்களை அந்த அறிவுரையில சேர்க்கல. ஆனாலும் இனிப்பு நாக்கு மாறாது, அதனால படிப்படியா குறைக்கறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. டீச்சரம்மா முதல்ல குவிச்சு எடுக்கறதை தலை தட்டினாங்க, அடுத்த வாரம் ஒண்ணரை, அப்புறம் ஒண்ணு, அப்புறம் அரை. ஒவ்வொரு படியிலயும் மூணு நாள் "மருந்து மாதிரி இருக்கு"ன்னு புலம்பல், நாலாவது நாள் பழகிடும். சர்க்கரை குறையும்போது டிகாக்‌ஷன் கசப்பு தூக்கலா தெரியும், அதுக்காக பாலை ஊத்தி சரிகட்டாதீங்க, டிகாக்‌ஷனைக் கொஞ்சம் தண்ணியா இறக்குங்க இல்லேன்னா சின்ன டம்ளருக்கு மாறுங்க.

தைராய்டு மாத்திரையும் போடறவங்க கவனிங்க, அதை வெறும் தண்ணியில போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி, இல்லேன்னா மாத்திரை சரியா உடம்புல சேராது. லேப்ல ஃபாஸ்டிங் ரத்தம் குடுக்கப் போறப்போ "சர்க்கரை போடாமதானே குடிச்சேன்"னு வராதீங்க, பால் வயித்துக்குள்ள போனா அது ஃபாஸ்டிங் இல்ல. ரெண்டாவது ரத்தத்துக்கு ரெண்டு மணி நேரக் கணக்கு முதல் வாய் சாப்பிட்டதுல இருந்து. நடுவுல என்ன குடிச்சாலும் மறைக்காம சொல்லிடுங்க, உங்க மாத்திரை அளவு அதை வச்சுதான் மாறுது.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க, காபி சர்க்கரையை திடீர்னு நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, டோஸ் அந்தச் சர்க்கரையையும் சேர்த்து ஓடிக்கிட்டிருக்கலாம். கை நடுங்கி வேர்த்து 70-க்குக் கீழ இறங்கிட்டா, அப்ப காபி போட்டு உட்காராதீங்க, பாலோட கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதமாக்கும். நாலு ஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடிச்சிட்டு பதினஞ்சு நிமிஷத்துல திரும்ப பாருங்க.

டீச்சரம்மாவுக்கு மூணு மாசத்துல எச்பிஏ1சி 6.8. மாத்திரையும் சாயங்கால நடையும் சேர்ந்துதான் அது, காபிக்கு மட்டும் பெருமை குடுக்க மாட்டேன். இப்ப காலைல சர்க்கரை இல்லாத ஒரு சின்ன டம்ளர், டிபனோட அந்த "ஒரு வாய்" கிடையாது. இட்லி திரும்ப வந்துடுச்சு. போன தடவை கூட வந்த வீட்டுக்காரர், அதே ஃபில்டர்ல இருந்து ரெண்டு குவிச்ச ஸ்பூனோட குடிக்கிறவர், வெளிய பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்தார். உள்ள வந்தா அவருக்கும் டெஸ்ட் எழுதிடுவேன்னு பயமாம். எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.