மொத்த கொலஸ்ட்ரால் 196, ‘நார்மல்’: அந்த ரிப்போர்ட்டை இன்னொரு முறை படிப்போம்

46 வயது ஆண். சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் இருப்பவை இவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, சாப்பிட்ட பின் 168, எச்பிஏ1சி 6.2 சதவீதம். மொத்த கொலஸ்ட்ரால் 196, டிரைகிளிசரைடு 260, எச்டிஎல் 34, எல்டிஎல் 110, விஎல்டிஎல் 52. ஹீமோகுளோபின் 13.8. (எச்பிஏ1சி, ஹீமோகுளோபின் தவிர மற்றதெல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) விளக்கத்துக்காக எழுதிய மாதிரி ரிப்போர்ட்தான் இது. ஆனால் நம்மூர் லேப் கவுன்ட்டர்களில் இதே சாயலில் தினமும் ரிப்போர்ட் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை வாங்குபவர் முதலில் தேடுவது மொத்த கொலஸ்ட்ராலைத்தான். பக்கத்தில் ‘200க்குக் கீழ்’ என்று போட்டிருக்கும். 196, பாஸ். “கொலஸ்ட்ரால் இல்ல, சுகர் மட்டும் பார்டர்ல இருக்கு” என்று வீட்டில் சொல்லிவிட்டு ஃபைலை மூடிவிடுவார். அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியுமே தப்பு.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் அப்படி மிதக்க முடியாது என்பதால், கல்லீரல் அதைப் புரதம் போர்த்திய சிறு உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகம் சுமப்பது விஎல்டிஎல். அது சுமையை இறக்க இறக்கச் சுருங்கி எல்டிஎல் ஆகிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிவது பெரும்பாலும் இதுதான். எச்டிஎல் மிச்சக் கொலஸ்ட்ராலைத் திருப்பி எடுத்து வருவது. மொத்த கொலஸ்ட்ரால் என்பது இந்த மூன்றிலும் இருப்பதன் கூட்டல்: 110, 34, 52 சேர்ந்தால் 196.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் உள்ளே எது எவ்வளவு என்று தெரியாது. அதே வயதுள்ள ஒரு பெண்ணுக்கும் மொத்தம் 196 என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எச்டிஎல் 65, டிரைகிளிசரைடு 90, எல்டிஎல் 113. மொத்தம் ஒன்று, எல்டிஎல்லும் கிட்டத்தட்ட ஒன்று. இப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். அவருக்கு 131, நம் ஆளுக்கு 162. குழாயில் படியக்கூடிய எல்லா உருண்டைகளிலும் சேர்த்து இருக்கும் கொலஸ்ட்ரால் அது; ‘நான்-எச்டிஎல்’ என்று பெயர். பொதுவாக 130க்குக் கீழ் இருப்பது நல்லது. பல லேப்கள் இதை அச்சிடுவதே இல்லை. பரவாயில்லை, ஒரு கழித்தல்தான், பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். மொத்த கொலஸ்ட்ராலைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது பத்து மடங்கு உருப்படியான வேலை.

அடுத்தது எல்டிஎல் 110. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் இது அளந்து வந்த எண் இல்லை, கணக்குப் போட்டு வந்த எண். 1972இல் ஃபிரீட்வால்ட் குழுவினர் வெளியிட்ட சூத்திரம் இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் விஎல்டிஎல் என்று வைத்துக்கொள்வது, பிறகு மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் அந்த விஎல்டிஎல்லையும் கழிப்பது. 260ஐ ஐந்தால் வகுத்தால் 52. 196 கழித்தல் 34 கழித்தல் 52, மிச்சம் 110. உங்கள் ரிப்போர்ட்டில் இதே கணக்கு அப்படியே பொருந்தினால், லேப் எல்டிஎல்லை நேரடியாக அளக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் என்ன? இதே மனிதர் முந்தைய ராத்திரி பத்தரைக்கு இரண்டு பெக்கும் பிரியாணியும் முடித்து, காலை ஆறரைக்கு ரத்தம் கொடுத்தார் என்று வைப்போம். டிரைகிளிசரைடு 350க்கு ஏறியிருக்கும். ஒரு வேளை சாப்பாட்டால் மொத்த கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லும் பெரிதாக மாறாது. இப்போது சூத்திரம் என்ன சொல்லும்? 350ஐ ஐந்தால் வகுத்து 70. 196 கழித்தல் 34 கழித்தல் 70, எல்டிஎல் 92! பிரியாணி சாப்பிட்டதால் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ குறைந்துவிட்டது. காகிதத்தில் மட்டும். டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். 400ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது, நேரடி அளவீடு கேட்க வேண்டும். நான்-எச்டிஎல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது இரண்டு நாளும் 162தான்.

எல்டிஎல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘130க்குக் கீழ்’ போன்ற எல்லை, வேறு நோய் இல்லாத பொதுவான ஆளுக்கானது. மாரடைப்பு வந்தவருக்கோ ஸ்டென்ட் வைத்தவருக்கோ 70க்குக் கீழே, சில வழிகாட்டுதல்களின்படி 55க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். அவருடைய ரிப்போர்ட்டில் 95 என்று வந்தால் லேப் கம்ப்யூட்டர் அதைக் கறுப்பெழுத்தில் காட்டாது. ‘நார்மலுக்கு வந்துவிட்டது’ என்று மாத்திரையை அவராக நிறுத்துவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. மாத்திரையால் இறங்கிய எண், மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

இனி சர்க்கரை. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே சரியான அளவு. 100 முதல் 125 வரை முன்-நீரிழிவு என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 110இலிருந்து தொடங்குகிறது. எதன்படி பார்த்தாலும் 112 உள்ளே வருகிறது. 126ம் அதற்கு மேலும் நீரிழிவு. எச்பிஏ1சியில் 5.7 முதல் 6.4 வரை முன்-நீரிழிவு, 6.5இலிருந்து நீரிழிவு. அதிகத் தாகம், எடை குறைவு மாதிரியான அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் ‘சுகர் வந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதில்லை. இரண்டு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும், அல்லது அதே சோதனையை இன்னொரு நாள் செய்து பார்க்க வேண்டும். இங்கே 112ம் 6.2ம் ஒத்துப்போகின்றன. ‘பார்டர்’ என்றால் இந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அர்த்தமில்லை, முன்-நீரிழிவு இருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பிட்ட பின் எடுக்கும் அளவுதான் அதிகம் சொதப்புவது. இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. லேப் வாசலில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மார்க்கெட்டை ஒரு சுற்று நடந்து, இரண்டரை மணி நேரம் கழித்து வந்து கொடுத்தால் 130 வரும். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் நான்கு தோசைக்கு அது பொருந்தாது. நோய் இருக்கிறதா என்று தீர்மானிப்பதற்கான 140, 200 என்ற எல்லைகள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து எடுக்கும் சோதனைக்கு வகுத்தவை. டிபனுக்குப் பின் வந்த 168 அந்தக் கணக்கில் தீர்ப்பு இல்லை, ஆனால் மற்ற இரண்டு எண்கள் சொல்வதையே சொல்கிறது.

ரத்தம் எடுத்த பிறகும் சர்க்கரை குறையும் என்பது பலருக்குத் தெரியாது. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் சாதா வெப்பநிலையில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். சாம்பல் நிற மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருப்பது இதைத் தடுக்க; அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் நாலு தெரு சுற்றிவிட்டு மதியம் லேபுக்குப் போனால், உங்கள் 112 ரிப்போர்ட்டில் 102 ஆகலாம்.

எச்பிஏ1சிக்கு நேரக் கவலை இல்லை, சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்குள் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதே இந்தச் சதவீதம். 6.2 என்றால் சராசரியாக ரத்தச் சர்க்கரை 131 அளவில் இருந்திருக்கிறது. ஆனால் அணுவின் ஆயுள் மாறினால் எண்ணும் பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சமீபத்தில் ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இவற்றில் குறைத்துக் காட்டும். ஆகவே எச்பிஏ1சியைப் படிக்கும் முன் அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இவருக்கு 13.8, நம்பலாம். ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணுக்கு 6.2 வந்திருந்தால் முதலில் ரத்தசோகையைத்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். டிரைகிளிசரைடு 260, எச்டிஎல் 34, வெறும் வயிற்றில் 112. இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள் இல்லை. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் சரியாகக் கேட்காதபோது, ராத்திரி முழுக்கத் தேவையில்லாமல் குளுக்கோஸ் தயாரிக்கிறது, காலையில் 112. மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி விஎல்டிஎல்லில் கட்டி அனுப்புகிறது, டிரைகிளிசரைடு 260. ரத்தத்தில் டிரைகிளிசரைடு நிறைந்திருக்கும்போது எச்டிஎல்லும் அதை வாங்கிச் சுமந்து சீக்கிரம் சிதைந்துபோகிறது, அதுதான் 34. வளர்சிதை மாற்றக் குறைபாடு என்று சொல்ல ஐந்தில் மூன்று வேண்டும்: டிரைகிளிசரைடு 150க்கு மேல், எச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85க்கு மேல், இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல். இவருக்கு டேப் எடுக்கும் முன்பே மூன்று ஆகிவிட்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முட்டை மஞ்சள்கருவை நிறுத்துபவர்கள் உண்டு. 260ஐ ஏற்றியது பெரும்பாலும் அது இல்லை. தட்டில் குவியும் சாதம், இனிப்பு, ஜூஸ், மது. அங்கே கை வைத்தால் முதலில் இறங்கும் எண் டிரைகிளிசரைடுதான்.

மறுபடி எடுப்பது மூன்று மாதம் கழித்து, அதே லேபில். டிரைகிளிசரைடு ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் இருபது சதவீதம் வரை ஆடும். 260 அடுத்த முறை 225 ஆனால் கொண்டாட வேண்டாம், 150 ஆனால் அது மாற்றம். மொத்த கொலஸ்ட்ரால் 196 என்பது 204 ஆனாலும் அதே எண்தான். காய்ச்சல் வந்த வாரத்தில் எடுக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முந்தைய இரண்டு மூன்று நாள் மது கூடாது, பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் நாலு விஷயத்தைக் கையால் எழுதிவிடுங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், டிபனில் முதல் வாய் வைத்த நேரம், அன்று காலை போட்ட மாத்திரை.