நண்பனின் விடைத்தாளும் விடைக்குறிப்பும்

பத்தாம் வகுப்பு இயற்பியலில் சிறு தேர்வுகளை மாணவர்களையே திருத்த வைப்பது என் வழக்கம். விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். அப்படியிருந்தும் ஒரே விடைக்கு ஒருவர் 5 போடுகிறார், இன்னொருவர் 2 போடுகிறார். எங்கே பிசகுகிறது என்பதை ஒரு கணக்கைக் கொண்டு சொல்கிறேன்.

6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டு பக்க இணைப்பில் 12 வோல்ட் மின்கலத்தொகுப்புடன் இணைக்கப்பட்டுள்ளன. தொகுபயன் மின்தடையும் மொத்த மின்னோட்டமும் காண வேண்டும். சரியான விடை 2 ஓம், 6 ஆம்பியர். மொத்தம் 5 மதிப்பெண்: பக்க இணைப்புக்கான வாய்ப்பாடு 1, மதிப்புகளைப் பிரதியிடுதல் 1, மின்தடை அலகுடன் 1, I = V/R என்ற வாய்ப்பாடு 1, மின்னோட்டம் அலகுடன் 1.

ஒரு மாணவன் வாய்ப்பாட்டைச் சரியாக எழுதினான். 1/R = 1/6 + 1/3 என்று பிரதியிட்டான். அடுத்த வரியில் மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி 2/9 என்று போட்டுவிட்டான். R = 4.5 ஓம் ஆயிற்று. பிறகு I = V/R என்று எழுதி, 12-ஐ 4.5-ஆல் வகுத்து 2.67 ஆம்பியர் என்று முடித்தான்.

அவனுடைய நெருங்கிய நண்பன் 5 போட்டான். கேட்டதற்கு, "அவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், சார். நேற்று எனக்கே சொல்லிக் கொடுத்தான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தாளில் இல்லாததைத் தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டான், அவ்வளவுதான். சலுகை பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. வேண்டுமென்றே மதிப்பெண் அள்ளிக் கொடுப்பவர்கள் குறைவு.

அதே விடையை வேறொரு மாணவியிடம் கொடுத்தேன். இறுதி விடை தவறு என்று கண்டதும் கடைசி மூன்று வரிகளையும் அடித்து 2 போட்டாள். பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை இரண்டில் சிறியதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும், 4.5 எப்படி வரும் என்று கேட்டாள். அருமையான கேள்விதான். ஆனால் அதற்குத் தனியாக மதிப்பெண் குறைக்க விடைக்குறிப்பில் இடமில்லை. அந்தத் தவறுக்கான 1 மதிப்பெண் மூன்றாவது படியிலேயே போய்விட்டது. நான்காவது படியில் I = V/R தெளிவாக இருக்கிறது, அதற்கு 1 உண்டு. ஐந்தாவது படிதான் யோசிக்க வேண்டியது. தவறான R-ஐ எடுத்துக்கொண்டாலும் அதன்பின் செய்தது சரி. முன்படியின் தவறுக்கு மீண்டும் தண்டிக்க வேண்டாம் என்று விடைக்குறிப்பு சொன்னால் அதற்கும் 1, ஆக 4. சரியான எண் வந்தால்தான் என்று சொன்னால் 3. எதுவுமே சொல்லவில்லையென்றால், திருத்துபவர் தானாக முடிவெடுக்காமல் ஆசிரியரிடம் கேட்டு, அதே முடிவை எல்லாத் தாள்களுக்கும் வைக்க வேண்டும். அன்று என் விடைக்குறிப்பில் அந்த வரி இல்லை. அது என் பிழை. 4 என்று முடிவு செய்து, அதைக் கரும்பலகையிலும் சேர்த்தேன்.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அது கிடைத்த வரிக்கு நேராகவே ஓரத்தில் எழுத வேண்டும். வரியில் விரல் வைத்துக் காட்ட முடியாத மதிப்பெண் தரக்கூடாது. விரல் வைக்க முடிகிற மதிப்பெண்ணை மறுக்கவும் கூடாது. ஓம் விதியைக் கூறச் சொன்ன 2 மதிப்பெண் வினாவில் இது உடனே பலன் தந்தது. மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதற்கு 1, மாறா வெப்பநிலையில் என்ற நிபந்தனைக்கு 1. முன்பு நிபந்தனை விட்டுப்போன தாள்களுக்கும் 2 விழும். விரல் வைக்கச் சொன்ன பிறகு, வெப்பநிலை என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். "வெப்பநிலை மாறாதபோது" என்று சொந்த நடையில் எழுதியிருந்தால் அதையும் ஏற்க வேண்டும், பொருள் ஒன்றுதான்.

தாள் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் நீ எனக்கு, நான் உனக்கு என்றாகிவிடும். அதனால் தாள்களை இரண்டு வரிசை தள்ளிக் கொடுக்கிறேன். பெயருக்குப் பதில் எண் எழுதச் சொல்வேன். ஆனாலும் ஒரே வகுப்பில் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். முடிந்தபோது அடுத்த பிரிவுடன் மாற்றிக்கொள்கிறோம். கூட்டுத்தொகையைத் திருத்தியவர் போடுவதில்லை. மொத்தம் 34 என்று தெரிந்தால், தேர்ச்சிக்கு வேண்டிய அந்த ஒரு மதிப்பெண்ணைத் தேடிக் கை பின்பக்கம் புரட்டத் தொடங்கிவிடும்.

தாள் திரும்பிப் போனதும் உரியவர் மறுத்துப் பேசலாம். "கொஞ்சம் கூட்டிப் போடேன்" என்று கேட்க இடமில்லை. எந்தப் படி, எந்த வரி என்று காட்டிக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கில் 2 வாங்கியிருந்த மாணவன் நான்காவது வரியில் விரல் வைத்தான். மாணவி விடைக்குறிப்பை ஒருமுறை பார்த்தாள், அடித்ததை அழித்துவிட்டு ஓரத்தில் 1 எழுதினாள்.