நிகர ஓட்ட வீதம்: சொல்லும் அதன் கணக்கும்

‘இன்றைக்கு 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றால் நெட் ரன் ரேட் எவ்வளவு ஆகும்?’ என்று கிரிக்கெட் தொடர் முடியும் தறுவாயில் பலரும் கேட்பதுண்டு. புள்ளிகள் சமமாகும்போது பட்டியலில் எந்த அணி மேலே என்று முடிவுசெய்யும் எண் அது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஏன் கிடையாது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

‘நெட்’ என்பது பளபளப்பைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து, பிரெஞ்சில் ‘தூய’ என்ற பொருள் பெற்று ஆங்கிலத்துக்கு வந்தது. கழிக்க வேண்டியவற்றைக் கழித்தபின் மிஞ்சும் தூய தொகை என்பதே அதன் வணிகப் பொருள். நாம் நிகர லாபம், நிகர எடை என்கிறோம். இலங்கைத் தமிழில் தேறிய இலாபம் என்பார்கள். ‘ரன்’ என்பதற்கு ஓட்டம் என்ற சொல் நிலைத்துவிட்டது. ‘ரேட்’ என்பதற்குத்தான் நம் செய்திகளில் ‘விகிதம்’ என்று எழுதுகிறார்கள். விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவதற்கும் வழங்கும் சொல். ‘ஆளுக்கு இரண்டு வீதம்’ என்று பேச்சில் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்ற பொருள் நேராக வந்துவிடுகிறது. இங்கே ஓவருக்கு இத்தனை ஓட்டம் என்பதே கணக்கு. ஆகவே நிகர ஓட்ட வீதம் என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து.

ஓர் அணி தொடர் முழுவதும் எடுத்த ஓட்டங்களை அது ஆடிய ஓவர்களால் வகுத்து, அந்த ஈவிலிருந்து, எதிரணிகள் எடுத்த ஓட்டங்களை அவை ஆடிய ஓவர்களால் வகுத்த ஈவைக் கழிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ட வீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. பத்து விக்கெட்டும் இழந்த அணிக்கு, அது எத்தனை ஓவரில் சுருண்டிருந்தாலும், முழு ஓவர்களையும் ஆடியதாகவே கணக்கு. 37.1 ஓவர் என்பது முப்பத்தேழு ஓவரும் ஒரு பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் வகுக்கும்போது அது 37.17 ஆகிவிடும்.

ஆக, இந்தக் கணக்குக்கு நான்கு தொகைகள் வேண்டும். விக்கெட் வித்தியாசம் அவற்றில் ஒன்றல்ல. ஓட்ட வித்தியாசம் ஓரளவு உதவும்: இருபது ஓவர் ஆட்டத்தில் முதலில் ஆடிய அணி 20 ஓட்டங்களில் வென்று, இரு தரப்புக்கும் முழு ஓவர்கள் கணக்காகியிருந்தால், அந்த ஓர் ஆட்டத்தின் வீதம் +1.00 என்று சொல்லிவிடலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் எண்ணோடு அதை எப்படிச் சேர்ப்பது? +0.50 என்ற எண் 8.50இலிருந்து 8 போனதாகவும் இருக்கலாம், 6இலிருந்து 5.50 போனதாகவும் இருக்கலாம். பழைய தொகைகள் கையில் இல்லாமல் புதிய எண்ணைத் துல்லியமாகக் காண முடியாது.

இந்தத் தொகைகளை ஒவ்வொரு பந்துக்கும் கணக்கிட்டு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது 2023 செப்டம்பர் 5 அன்று லாகூரில் தெரிந்தது. ஆசியக் கோப்பையில் இலங்கை 50 ஓவரில் 291 ஓட்டங்கள் எடுத்தது. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவருக்குள் 292 எடுத்தால் பட்டியலில் இலங்கையை முந்திவிடலாம் என்பதே எல்லோருக்கும் தெரிந்திருந்த இலக்கு. 37 ஓவர் முடிவில் அது 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் ஆட்டமிழந்தார். வாய்ப்பு போய்விட்டதென்று பலரும் முடிவுகட்டினார்கள். கடைசியாக இறங்கிய ஃபரூக்கி அடுத்த இரு பந்துகளைத் தடுத்தாடி, 37.4இல் எல்பிடபிள்யூ ஆனார்.

உண்மையில் அந்த 37.4ஆவது பந்தில் ஒரு சிக்ஸர் போயிருந்தாலும் போதும். முந்தைய ஆட்டத்தில் வங்கதேசத்திடம் ஆப்கானிஸ்தான் 334 கொடுத்து, 245க்கு முழுதும் ஆட்டமிழந்திருந்தது. அதற்கு 50 ஓவர் கணக்கு. சிக்ஸரோடு 295 சேர்ந்தால், 540ஐ 87.67ஆல் வகுக்க 6.16. கொடுத்தது இரு ஆட்டத்திலும் 625, ஓவர் 100, அது 6.25. நிகரம் -0.09. இலங்கையோ இரு ஆட்டத்தில் 89 ஓவரில் 456 எடுத்திருந்தது, 5.12, கொடுத்தது 459, அதே 87.67 ஓவருக்கு 5.24. நிகரம் -0.11. ஆப்கானிஸ்தான் முந்தியிருக்கும். இலக்கைத் தாண்டி எடுக்கும் ஓட்டமும் கணக்கில் சேருவதால், வெற்றி ஓட்டம் பெரிதாக இருக்க இருக்கக் காலக்கெடுவும் நீள்கிறது, 38.1 ஓவரில் 297 ஆகியிருந்தாலும் அவர்கள் தேறியிருப்பார்கள். இந்தக் கணக்குகள் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அணியின் பயிற்சியாளர் ஜோனதன் ட்ராட் ஆட்டம் முடிந்தபின் சொன்னார்.