"டொலர் 300இல நிக்குதுதானே?"

போன கிழமை புறக்கோட்டையிலிருந்து ஒரு முதலாளி வந்திருந்தார். மின்சாரச் சாமான் இறக்குமதி செய்பவர். வெளிநாட்டு விற்பனையாளருக்குக் காசு வந்துசேரும் என்று வங்கி பொறுப்பேற்கும் கடிதமான எல்.சி. ஒன்றைத் தொண்ணூறு நாள் தவணையில் திறக்கப் போகிறார். டொலர் விலையை இப்போதே வங்கியோடு பேசிப் பூட்டிவைக்கும் ஃபோர்வர்ட் ஒப்பந்தம் ஒன்று போடுவோமா என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி வீண் செலவு? டொலர் 300இல நிக்குதுதானே, எங்க போகப் போகுது?" என்றார். இந்த மாதத்தில் இதை நான்காவது ஆளிடமிருந்து கேட்கிறேன். எழும்பிப் போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "அரசாங்கம் பேசாம 300 எண்டு கட்டிப்போட்டா நாங்கள் நிம்மதியா யாவாரம் செய்வம்."

கட்டிப்போட்டுப் பார்த்தாயிற்று, முதலாளி. 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் வரை 200க்கும் 203க்கும் இடையில் கட்டிப்போட்டார்கள். அந்த நிம்மதியில் எல்.சி. திறந்தவர்களின் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைச் சொல்கிறேன், ஆள் யாரென்று தெரியாதபடி தொகைகளை மட்டும் சற்று மாற்றி.

2021 டிசம்பரில் 50,000 டொலருக்குத் தொண்ணூறு நாள் எல்.சி. 203 ரூபாயில் கணக்குப் பார்த்தால் ஒரு கோடியே ஒன்றரை இலட்சம். சாமான் ஜனவரியில் வந்தது. அதே 203ஐ வைத்து விலை போட்டு, மேலே நூற்றுக்குப் பன்னிரண்டு இலாபம் வைத்து, பெப்ரவரிக்குள் விற்றும் முடித்துவிட்டார். கெட்டிக்காரர். காசு கட்டவேண்டிய நாள் மார்ச் நடுப்பகுதியில் வந்தது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தி, 230க்கு மேற்படாத மட்டத்தில் கொடுக்கல் வாங்கல் நடக்கும் என்று அறிவித்தது. அந்த 230 சில நாள்கூடத் தாங்கவில்லை. இவர் கட்டும்போது ஒரு டொலர் 260. மொத்தம் ஒரு கோடியே முப்பது இலட்சம். இலாபமாக வந்தது பன்னிரண்டு இலட்சம், கூடுதலாகக் கட்டியது இருபத்தெட்டரை இலட்சம். விற்ற சாமானைத் திரும்பக் கூப்பிட்டு விலை கூட்ட முடியுமா?

இதே காலத்தில் மாற்று வீதம் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று மெல்ல ஊர்ந்திருந்தால் மூன்று மாதத்தில் 203 என்பது 209 ஆகியிருக்கும். மேலதிகச் செலவு மூன்று இலட்சம். அதுவும் முன்கூட்டியே தெரிந்த மூன்று இலட்சம், ஆகவே அதை விற்பனை விலையிலேயே ஏற்றியிருப்பார். எங்கள் தொழிலில் இதைக் 'க்ரோலிங் பெக்' என்போம். தமிழில் ஊர்ந்து நகரும் வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையை மத்திய வங்கிதான் சொல்லும். ஆனால் ஒரே விலையில் குந்தியிருக்காமல் அதைச் சதம் சதமாக நகர்த்திக்கொண்டே போகும்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நான் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் சேர்ந்த தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மத்திய வங்கி ஒரு வாங்கும் விலையும் ஒரு விற்கும் விலையும் சொல்லும். அவற்றுக்கிடையிலான இடைவெளி நூற்றுக்கு இரண்டு. நடுவிலை 80 என்றால் 79.20இல் எவ்வளவு டொலர் கொண்டுவந்தாலும் அது வாங்கும், 80.80இல் விற்கும். இடையில் வங்கிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பட்டை முழுவதும் மெல்ல மேலே ஊர்ந்தது. 1990இல் சராசரியாக 40 ரூபாயாக இருந்த டொலர் 1999இல் 70ஐத் தாண்டியது. பெரிய தொகையாகத் தெரிகிறதா? 70 ரூபாய் மட்டத்தில் ஒரு வேலைநாளுக்கு இரண்டு சதம்கூட வராது. அந்த நாட்களில் "ரூபாய் வீழ்ந்தது" என்று தலைப்புச் செய்தி போட்டு நெஞ்சிலடித்த பத்திரிகை எனக்கு நினைவில்லை.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். ஊர்ந்து இறங்கும் ரூபாய் பலவீனமானது, அசையாமல் நிற்கும் ரூபாய் பலமானது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். 203 என்பது பலகையில் எழுதிய விலை. அந்த விலையில் கேட்பவர் எல்லோருக்கும் டொலர் எடுத்துக் கொடுக்க மத்திய வங்கியிடம் கையிருப்பு இருக்கும்வரைதான் அது விலை. 2021இல் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டது நினைவிருக்கிறதா? பலகையில் விலை இருந்தது, கடையில் அரிசி இல்லை. டொலருக்கும் அதுவேதான் நடந்தது. வங்கிக் கிளையில் 203 என்று போட்டிருக்கும். உள்ளே போய்க் கேட்டால் "டொலர் இல்லை சேர், பெயரை எழுதிவிட்டுப் போங்கோ" என்பார்கள். உள்நாட்டில் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து ஏறி, அமெரிக்காவில் மூன்று ஏறினால், அந்த ஏழின் வித்தியாசம் எங்கேயாவது போய்ச் சேரத்தான் வேண்டும். ஊரும் வீதத்தில் அது மாதாமாதம் வெளியேறிவிடும். கட்டிப்போட்ட வீதத்தில் அது உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். வீதம் அசையவில்லை என்பதற்காக வித்தியாசம் இல்லாமல் போய்விடாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது விளங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிப்போட்ட வீதத்துக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஏற்றுமதிக்காரர் ஒருவரிடம் டொலர் இருக்கிறது. 203 கீழே வராது என்பது அவருக்கு நிச்சயம். போனால் மேலேதான் போகும். அப்படியென்றால் அவர் ஏன் இன்றைக்கு மாற்ற வேண்டும்? வைத்திருந்தால் நட்டமே இல்லாத பந்தயம். பட்டை இருந்தால் கதை வேறு. இன்றைக்கு 80.80இல் நிற்கும் டொலர் அடுத்த கிழமை 79.50க்கு இறங்கலாம், பதுக்கியவர் கையைச் சுட்டுக்கொள்வார். அந்தச் சின்னப் பயம் இருந்தால்தான் டொலர் சந்தைக்கு வரும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு மேலதிகமாக 10 ரூபாய் தருவதாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடத் தந்தார். 2021 ஜனவரியில் 67.5 கோடி டொலராக இருந்த பணவரவு 2022 ஜனவரியில் 25.9 கோடியாகச் சுருங்கியது. அவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. வங்கி வழியாக அனுப்புவதைத்தான் நிறுத்தினார்கள்.

சரி, ஊரும் வீதமும் பட்டையும் சர்வரோக நிவாரணியா? இல்லை. 2000ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியது, யுத்தச் செலவு எகிறியது, கையிருப்பு கரைந்தது. ஊர்ந்த வேகம் போதவில்லை. பட்டையை ஜூனில் நூற்றுக்கு ஐந்தாக அகட்டினார்கள், பிறகும் படிப்படியாக அகட்டி 2001 ஜனவரியில் பத்தாக்கினார்கள். அதுவும் போதாமல் ஜனவரி 23ஆம் திகதி விலையைச் சந்தையிடமே விட்டு ரூபாயை மிதக்கவிட்டார்கள். சில நாட்கள் சந்தை தாறுமாறாக ஆடியது, எங்கள் டீலிங் அறையில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் 80ஐச் சுற்றி நின்ற டொலர் அந்த ஆண்டு முடிவில் 93. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு. 2022இல் 203இலிருந்து இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது, அது நூற்றுக்கு எழுபத்தேழு. 2022இல் வரிக்குறைப்பு, பணம் அச்சடிப்பு, கடன், சுற்றுலா வீழ்ச்சி என்று பல பாவங்கள் சேர்ந்திருந்தன. ஊரும் வீதம் இருந்திருந்தாலும் கடனைக் கட்ட முடியாமல்தான் போயிருக்கும். ஆனாலும் 2001இல் அடி சிறியதாக இருந்ததற்கு ஒரு பெரிய காரணம், அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் அழுத்தத்தில் பெரும்பகுதி சதம் சதமாக வெளியேறியிருந்தது.

வட்டி ஒத்துழைக்காவிட்டால் ஊரும் வீதமும் படுத்துவிடும். டொலர் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது ரூபாய் வைப்புக்கு ஆறு சதவீதம் கொடுத்தால் எந்த மடையன் ரூபாயில் வைத்திருப்பான்? 2021 கடைசியில் எங்கள் கொள்கை வட்டி அந்த அளவில்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் கூட்டினார்கள். அதற்குப் பிறகு மே 13 முதல் மத்திய வங்கி தினமும் ஒரு நடுவிலையும் அதிலிருந்து மேலே கீழே எவ்வளவு போகலாம் என்ற எல்லையும் சொல்லத் தொடங்கியது. பழைய பட்டைதான், புதுச்சட்டை போட்டு வந்தது. 2023 மார்ச்சில் அந்த எல்லையை அகட்டி, பிறகு எடுத்தேவிட்டார்கள். வட்டி உயர்ந்து, டொலர் வங்கிக்குத் திரும்பிய பிறகு எடுத்ததால் அப்போது ரூபாய் விழவில்லை, உயர்ந்தது.

முதலாளி சொல்கிற 300 கட்டிப்போட்ட 300 அல்ல. யாரும் உங்களுக்கு அதை உறுதி தரவில்லை. ஆகவே கடன் தவணையில் இறக்குமதி செய்கிறவர்கள், சாமானை விற்ற நாளிலேயே அதற்குரிய டொலரின் பாதியையாவது பூட்டுங்கள். ரூபாய் வட்டி எட்டும் டொலர் வட்டி நான்கும் என்றால் மூன்று மாத ஃபோர்வர்டுக்கு ஒரு டொலருக்கு மூன்று ரூபாய்போல் கூடும். கொள்கலன் ஒன்று துறைமுகத்தில் நாலு நாள் கிடந்தால் கட்டுகிற தாமதக் காசுக்கு வாய் திறக்காதவர்கள் இதற்கு மட்டும் சண்டை பிடிக்கிறார்கள்! வருமானம் ரூபாயில் வந்தால், வட்டி குறைவு என்பதற்காக டொலரில் கடன் எடுக்காதீர்கள். விலை போடும்போது எல்.சி. திறந்த நாளின் வீதத்தைப் போடாமல், கட்டப்போகும் நாளின் ஃபோர்வர்ட் வீதத்தைப் போடுங்கள்.

பலகை விலையைப் பார்த்து நிம்மதியடைவதை விடுங்கள். வங்கியின் விற்கும் விலைக்கும் வெளியில் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது ஒன்றிரண்டு ரூபாயாக இருக்கும்வரை பயமில்லை, பத்து பதினைந்து என்று போய்ச் சில கிழமை நின்றால் வீதத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் கையிருப்புத் தொகையையும் பாருங்கள், வீதம் அசையாமல் கையிருப்பு மட்டும் குறைகிறதா என்று. ஃபோர்வர்ட் கேட்டால் வங்கி கையை விரிப்பது இன்னொரு அடையாளம். 2021 ஜனவரியில் அதற்குத் தடையே போட்டார்கள், அன்றைக்கே பல பேர் விழித்திருக்க வேண்டும்.

அந்த முதலாளி நேற்றுத் தொலைபேசியில் வந்தார். பாதிக்கு ஃபோர்வர்ட் போடச் சொன்னார். "மிச்சப் பாதி?" என்றேன். "அதைப் பிறகு பாப்பம் தம்பி" என்றார்.