கீழமாசி வீதிக் கடையில் 15,240 ரூபாய் வித்தியாசம்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில்தான் நான் கணக்கு எழுதப் பழகினேன். அப்போது கம்ப்யூட்டர் கடைக்குள் வரவில்லை. கடனுக்குச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் ஏறக்குறைய நூற்று அறுபது பேர் இருந்தார்கள். மேலூர் லைன், திருமங்கலம் லைன், உசிலம்பட்டி லைன் என்று மூன்று லைன். ஒவ்வொரு கடைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம்.

ஒரு தீபாவளி மாதம் முடிந்ததும், நூற்று அறுபது பக்கங்களின் பாக்கியையும் பட்டியல் போட்டுக் கூட்டினேன். 10,20,940 ரூபாய் வந்தது. கணக்கப்பிள்ளை ஐயா தன் கையிலிருந்த ஒற்றைத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, 10,05,700தான் வரணும். 15,240 கூட இருக்கு" என்றார். அவர் ஒரு கடையின் பக்கத்தையும் திறந்து பார்க்கவில்லை. அந்த எண் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கட்டுப்பாட்டுக் கணக்கின் வேலை.

ஒரு கடன் பில் போட்டால், அது முதலில் விற்பனை ஏட்டில் ஒரு வரியாக ஏறும். அங்கிருந்து அது இரண்டு வழியில் போகிறது. ஒன்று, அன்றைக்கே அந்த வரியை எடுத்து, சரக்கு வாங்கிய கடையின் பக்கத்தில் பற்று எழுதுவோம். இது பில் பில்லாகப் போகும் வழி. இன்னொன்று, மாதம் முடிந்ததும் விற்பனை ஏட்டின் மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்து, பொதுப் பேரேட்டில் 'மொத்தக் கடனாளிகள் கணக்கு' என்ற ஒரே பக்கத்தில் ஒரே வரியாகப் பற்று எழுதுவோம். இதுதான் கட்டுப்பாட்டுக் கணக்கு. வசூலும் இப்படித்தான். ரொக்க ஏட்டில் இருந்து ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வரவு போகும், மாதக் கடைசியில் மொத்தமும் ஒரு வரியாகப் போகும். திருப்பி வந்த சரக்கு, கொடுத்த தள்ளுபடி, வாராக்கடன் என்று எழுதித் தள்ளியது எல்லாவற்றுக்கும் அதே முறைதான். ரொக்கத்துக்கு விற்றது மட்டும் இதில் எங்கேயும் வராது, அதில் யாருக்கும் பாக்கி இல்லை.

அந்த மாதம் ஐயாவின் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

ஆரம்பப் பாக்கி: 8,42,600
கடன் விற்பனை (கூட்டு): 11,76,350
வசூல் (கழி): 9,58,200
திரும்பி வந்த சரக்கு (கழி): 34,150
தள்ளுபடி (கழி): 12,400
வாராக்கடன் (கழி): 8,500
இறுதிப் பாக்கி: 10,05,700

ஆறு எண்கள். நான் நூற்று அறுபது பக்கங்களில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதி வந்து சேர வேண்டிய இடமும், அவர் ஆறு வரியில் வந்து சேர்ந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே தகவல் இரண்டு வழியாக, இரண்டு பேர் கையால் போய் ஓர் இடத்தில் சந்திக்கிறது. சந்திக்கவில்லை என்றால், ஏதோ ஒரு வழியில் தப்பு நடந்திருக்கிறது. எந்த வழியில் என்பது அந்த நிமிடம் தெரியாது. என் பட்டியல்தான் தப்பு என்று நான் அன்று நினைத்தேன். அது முழு உண்மை இல்லை.

எல்லாக் கணக்குகளின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வைப் போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. இப்படிக் கணக்கு வைக்கும்போது இருப்பாய்வுக்குள் போவது மொத்தக் கடனாளிகள் கணக்கு மட்டும்தான். கடைவாரியான பக்கங்கள் துணைப் பேரேடு, அவை இரட்டைப் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. ஒரு கடையின் பக்கத்தில் என்ன தப்பு எழுதினாலும் இருப்பாய்வு சரியாகவே கட்டும். அந்த மாதமும் கட்டியது.

15,240-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? கணக்கு எழுதுபவர்களுக்கு இரண்டு பழைய சோதனைகள் உண்டு. வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது ஒன்று. வரவு எழுத வேண்டியதைப் பற்றில் எழுதினால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்காக வரும், அதனால் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுவோம். அடுத்தது, ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்ப்பது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். 68-ஐ 86 என்று எழுதினால் 18 கூடுகிறது. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றினாலும் இதே கதைதான்:

```
(10a + b) - (10b + a) = 9(a - b)
```

15,240-இன் பாதி 7,620. அந்தத் தொகைக்கு எந்த ஏட்டிலும் பதிவு இல்லை. ஒன்பதால் வகுத்தால் மீதி வருகிறது. ஒரு தப்பு மட்டும் இருந்தால்தான் இந்தச் சோதனைகள் வழி காட்டும். இரண்டு மூன்று தப்புகள் ஒன்றாகக் கூடிவிட்டால் அவற்றின் சாயல் அழிந்துபோகும்.

ஐயா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். விற்பனை ஏட்டிலும் ரொக்க ஏட்டிலும் லைனுக்கு ஒரு பத்தி போட்டிருந்தார். அதனால் லைன்வாரியாக மூன்று கட்டுப்பாட்டுக் கணக்குகள் எழுத முடிந்தது. கண்மாய்த் தண்ணீர் குறைந்தால் மடை மடையாகப் போய்ப் பார்ப்பார்களே, அதைப் போல. என் பட்டியலையும் மூன்றாகப் பிரித்து ஒப்பிட்டோம். மேலூரில் 10,000, திருமங்கலத்தில் 1,800, உசிலம்பட்டியில் 3,440. மூன்றிலும் என் பட்டியல்தான் கூட.

இப்போது ஒவ்வொரு எண்ணும் பேச ஆரம்பித்தது. உசிலம்பட்டி 3,440-இன் பாதி 1,720. திருப்ப ஏட்டில் அதே தொகைக்கு ஒரு வரி இருந்தது, ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பிய புழுத்த பருப்பு. அதை வரவில் எழுதாமல் பற்றில் எழுதியிருந்தேன். பாக்கி குறைய வேண்டிய இடத்தில் ஏறிவிட்டது.

திருமங்கலம் 1,800, ஒன்பதால் வகுத்தால் 200. அதாவது ஆயிரமும் நூறும் இடம் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் 2. பட்டியல் கூட இருப்பதால், ஒன்று பில்லைக் கூட்டி எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் வசூலைக் குறைத்து எழுதியிருக்க வேண்டும். இந்த அடையாளத்தோடு தேடியபோது பத்து நிமிடத்தில் கிடைத்தது: 6,850 ரூபாய் பில்லை 8,650 என்று எழுதியிருந்தேன்.

மேலூர் 10,000 வேறு மாதிரி. இப்படி முழுசாக ஒரு பத்தாயிரமோ ஆயிரமோ நூறோ நின்றால், எடுத்தெழுதியதில் தேடுவதற்கு முன்னால் கூட்டலில் தேட வேண்டும். விற்பனை ஏட்டின் மேலூர் பத்தியைப் பக்கம் பக்கமாகத் திரும்பக் கூட்டினோம். ஒரு பக்கத்தின் அடியில் 1,46,320 என்று சரியாக இருந்தது, அடுத்த பக்கத்தின் தலையில் அதைக் கொண்டுவரும்போது 1,36,320 ஆகிவிட்டது. தப்பு என் பேரேட்டில் இல்லை, ஐயாவின் தாளில் ஏறிய மொத்தத்தில்.

எனக்கு இந்த மூன்றாவது தப்புதான் மறக்கவே மறக்காது. ஏட்டின் மொத்தம் 10,000 குறைந்ததால் விற்பனைக் கணக்கில் வரவும் 10,000 குறைந்தது, மொத்தக் கடனாளிகள் கணக்கில் பற்றும் 10,000 குறைந்தது. இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்ததால் இருப்பாய்வு அதைக் காட்டவே காட்டாது. அந்த ஆண்டு லாபமே பத்தாயிரம் குறைந்திருக்கும். பில் பில்லாகப் போன வழி அந்தக் கூட்டுத்தொகையைத் தொடாமல் போனதால்தான் அது பிடிபட்டது.

திருத்தும்போதும் எந்த வழியில் தப்போ அங்கேதான் திருத்த வேண்டும். கட்டுப்பாட்டுக் கணக்கில் 10,000 கூட்டினால் 10,15,700. பட்டியலில் 3,440-உம் 1,800-உம் கழித்தால் அதுவும் 10,15,700. வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகையைப் போட்டு வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளி இரண்டையும் சமமாக்கியிருந்தால், உசிலம்பட்டிக்காரரிடமும் திருமங்கலத்துக்காரரிடமும் தர வேண்டியதைவிடக் கூடப் பணம் கேட்டிருப்போம்.

சரி, ஒத்துவந்துவிட்டால் எல்லாம் சரிதானா? இல்லை. இரண்டு வழிகளும் பிரிவதற்கு முன்பே நடந்த தப்பு இரண்டிலும் ஒன்றாகவே போய்ச் சேரும். பில்லை விற்பனை ஏட்டில் ஏற்றவே மறந்தால் இரண்டும் ஒத்துப்போகும். 5,400 ரூபாய் பில்லை ஏட்டிலேயே 4,500 என்று எழுதினாலும் ஒத்துப்போகும். வசூலுக்குப் போனவர் வாங்கிய பணத்தை ஏட்டுக்கே கொண்டுவராமல் வைத்துக்கொண்டாலும் அப்படித்தான். அப்புறம், ஒரு கடையின் பில்லை இன்னொரு கடையின் பக்கத்தில் எழுதினால் பட்டியலின் மொத்தம் மாறாது. மேலூரில் ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருந்தன. ஒருவருக்குப் போட்ட 4,200 ரூபாய் பில்லை மற்றவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். கணக்கு அழகாக ஒத்துவந்தது. வசூலுக்குப் போனபோது, "நான் அந்த வாரம் சரக்கே எடுக்கலையே அண்ணே" என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைக்கும் பாக்கி விவரம் எழுதி அனுப்பிக் கையெழுத்து வாங்கினோம். இப்படிப்பட்ட தப்புக்குக் கடைக்காரரின் நோட்டுதான் மருந்து.

நாம் பணம் கொடுக்க வேண்டிய கடனீந்தோர் பக்கத்திலும் இதே அமைப்பு, பற்றும் வரவும் மட்டும் மாறி நிற்கும். அங்கே ஒரு தப்பு அடிக்கடி வரும். விருதுநகர் மில்காரர் ஒருவர் எங்களுக்குப் பருப்பு அனுப்புவார், தன் சில்லறைக் கடைக்கு எங்களிடமே சர்க்கரை எடுப்பார். நாங்கள் அவருக்கு 60,000 தர வேண்டும், அவர் எங்களுக்கு 18,000 தர வேண்டும் என்றால், 18,000-ஐ நேர் செய்துகொண்டு 42,000 அனுப்புவோம். அவருடைய இரண்டு பக்கங்களிலும் இதை எழுதிவிட்டு, இரண்டு கட்டுப்பாட்டுக் கணக்குகளிலும் எழுத மறந்துவிடுவது வழக்கம். கடனாளிகளிலும் கடனீந்தோரிலும் ஒரே மாதத்தில் ஒரே தொகை வித்தியாசம் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அநேகமாக எல்லாக் கடையிலும் டேலி ஓடுகிறது. அதில் `Sundry Debtors` என்பது தனிக் கணக்கு அல்ல, கடைவாரியான கணக்குகளின் தொகுப்பு. அந்த மொத்தத்தை மென்பொருளே கூட்டிக் காட்டுகிறது. கூட்டல் தப்பும் ஏட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதும் தப்பும் ஒழிந்தன, நல்லது. ஆனால் பட்டியலும் மொத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவதால், அவை ஒத்துவருவதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது வழியை நாமேதான் உண்டாக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பில் போடுபவர் தினமும் கடன் பில்களின் மொத்தத்தை ஒரு நோட்டில் தனியாக எழுதுகிறார், வசூல் மொத்தத்தைக் கல்லாவில் இருப்பவர் எழுதுகிறார். மாதம் பிறந்ததும் முதலாளி அந்த நோட்டிலிருந்து ஐயாவின் ஆறு வரியைப் போட்டு, திரையில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுகிறார். கொள்முதலுக்கு, சரக்கு அனுப்பியவர்கள் தாக்கல் செய்த பில்கள் GSTR-2B என்ற ஜிஎஸ்டி அறிக்கையில் வந்துவிடுவதால், நாம் ஏற்ற மறந்த பில் அதில் தலை காட்டும். கொடுத்த பணம் அதில் வராது, அதற்கு மில்காரரிடம் கணக்கு விவரம் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.